மழை பெய்த நாளும் மழை அளந்த நாளும்: வானிலை அறிக்கையை அட்டவணையாக்குவது பற்றி



மாரி தொடங்கிவிட்டால் எமது வட்ஸ்அப் குழுக்களில் வானிலை அறிக்கைக்குப் பஞ்சமே இல்லை. காலையில் ஒன்று, பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்று வந்துகொண்டே இருக்கும். வாசிக்கிறோம், அடுத்த குழுவுக்கு அனுப்புகிறோம், அத்தோடு மறந்துவிடுகிறோம். பிறகு வெள்ளம் வந்து வடிந்ததும் வாக்குவாதம் ஆரம்பிக்கிறது. எந்த நாள் பெய்த மழைக்கு எந்த நாள் வட்டைக்குள் தண்ணீர் ஏறியது? முகத்துவாரத்தை இரண்டு நாள் முந்தி வெட்டியிருக்க வேண்டுமா? ஏறிய தண்ணீர் மழைத் தண்ணீரா, குளத்துத் தண்ணீரா? இதற்கெல்லாம் ஆளுக்கொரு திகதி சொல்கிறோம். ஆனால் கையில் ஒரு தாளும் இருப்பதில்லை.

அந்தத் தாள் நாலே நாலு நிரல்தான்: திகதி, உயர் வெப்பநிலை, இழிவு வெப்பநிலை, மழைவீழ்ச்சி. அறிக்கையில் வரும் எழுத்தை இந்த நாலு நிரலுக்குள் கொண்டுவந்தால் போதும். பார்க்கச் சின்ன வேலை. ஆனால் கவனமில்லாமல் செய்த அட்டவணை, அட்டவணையே இல்லாததைவிடக் கூடுதலான சண்டையை உண்டாக்கும் என்பதே எமது கருத்து. தாளில் எழுதியிருக்கிறது என்றால் எல்லோரும் நம்பிவிடுவார்கள். ஆகவே எங்கே பிழை வரும், எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

முதலில் எதை எடுப்பது என்று பார்ப்போம். வானிலைச் செய்தியில் இரண்டு வகை வாக்கியம் கலந்து வரும். "கிழக்கு மாகாணத்தில் சில இடங்களில் 100 மில்லிமீற்றர் வரையான பலத்த மழை பெய்யக்கூடும்" என்பது எதிர்வுகூறல். "காலை 8.30 உடன் முடிவடைந்த 24 மணித்தியாலங்களில் 21.0 மில்லிமீற்றர் மழைவீழ்ச்சி பதிவாகியுள்ளது" என்பது அளந்த கணக்கு. எமது அட்டவணைக்கு இரண்டாவது மட்டும்தான் வேண்டும். வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பார்த்தாலே பிரிக்கலாம். "பெய்யக்கூடும்", "எதிர்பார்க்கப்படுகின்றது" என்று முடிந்தால் அந்த எண்ணைத் தொடவே கூடாது. "பதிவாகியுள்ளது" என்று முடிந்தால் எடுக்கலாம். அதிலும் எந்த ஊர் என்று பார்க்க வேண்டும். நாட்டிலேயே கூடிய மழை எங்கே பெய்தது என்று ஒரு வரி வரும். அது இரத்தினபுரியாக இருக்கலாம், நுவரெலியாவாக இருக்கலாம். அந்த எண் மட்டக்களப்பின் நிரைக்குள் வந்து விழுந்துவிடக் கூடாது.

இனி முக்கியமான விடயத்துக்கு வருவோம். அது திகதி.

மழைமானியைக் காலை 8.30 மணிக்குப் பார்க்கிறார்கள். உலகப் பொது நேரத்தில் அது அதிகாலை 3 மணி. அப்போது மானிக்குள் இருப்பது முதல் நாள் காலை 8.30 தொடக்கம் அன்று காலை 8.30 வரை பெய்த மழை. அதாவது 15ஆம் திகதி காலை அறிக்கையில் வரும் மழையில், 24 மணித்தியாலங்களில் பதினைந்தரை மணித்தியாலம் 14ஆம் திகதிக்குரியது. மீதி எட்டரை மணித்தியாலம்தான் 15க்குரியது. அறிக்கையின் தலைப்பில் 15 என்று இருப்பதால் நாம் 15 என்று எழுதிவிடுகிறோம். மழை பெரும்பாலும் 14இல் பெய்தது.

வெப்பநிலையில் இது இன்னும் தெளிவாக விளங்கும். ஒரு நாளின் ஆகக் கூடிய வெப்பம் பெரும்பாலும் பகல் ஒரு மணிக்குப் பிறகு வரும். ஆகக் குறைந்தது பெரும்பாலும் விடியற்காலையில் வரும். 15ஆம் திகதி காலை 8.30க்கு வாசிக்கும்போது 15ஆம் திகதியின் பகல் இன்னும் வரவேயில்லை. ஆகவே அந்த அறிக்கையில் இருக்கும் உயர் வெப்பநிலை 14ஆம் திகதிப் பகலுடையது. இழிவு வெப்பநிலையோ 15ஆம் திகதி விடியற்காலையுடையது. ஒரே அறிக்கை, மூன்று எண்கள். அவற்றுள் இரண்டு நேற்றைக்குரியவை, ஒன்று இன்றைக்குரியது.

பிரித்தானியாவில் இப்படித்தான் செய்கிறார்கள். காலையில் வாசித்த மழையையும் உயர் வெப்பநிலையையும் முதல் நாளுக்குத் தள்ளி எழுதுவார்கள், இழிவு வெப்பநிலையை வாசித்த நாளிலேயே வைப்பார்கள். அவுஸ்திரேலியாவில் மழையை வாசித்த நாளின் திகதியிலேயே எழுதுகிறார்கள். ஆகவே ஒன்றுதான் சரி, மற்றது பிழை என்று நாம் சொல்லவில்லை. எந்த முறையை எடுத்தாலும் அதை அட்டவணையின் தலையில் ஒரு வரியில் எழுதிவைக்க வேண்டும், நடுவில் மாற்றக் கூடாது. எமது ஊருக்கு முதல் நாளுக்குத் தள்ளும் முறையே நல்லது என்பது எமது எண்ணம். ஏனென்றால் எமது கேள்வி "எப்போது அளந்தார்கள்" என்பதல்ல, "எப்போது பெய்தது" என்பதுதான்.

ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறோம். கீழே உள்ள எண்கள் மாதிரிக்காக நாமே இட்டவை. எந்த ஆண்டின் உண்மைப் பதிவும் அல்ல. மட்டக்களப்புக்கு ஐந்து நாள் காலை அறிக்கை வந்ததாக வைத்துக்கொள்வோம்.

நவம்பர் 13 காலை: உயர் வெப்பநிலை 30.2, இழிவு வெப்பநிலை 24.6, மழைவீழ்ச்சி 3.4
நவம்பர் 14 காலை: உயர் வெப்பநிலை 29.1, இழிவு வெப்பநிலை 24.1, மழைவீழ்ச்சி 21.0
நவம்பர் 15 காலை: உயர் வெப்பநிலை 27.0, இழிவு வெப்பநிலை 23.5, மழைவீழ்ச்சி 118.6
நவம்பர் 16 காலை: மழைவீழ்ச்சி கிடைக்கவில்லை, உயர் வெப்பநிலை 27.8, இழிவு வெப்பநிலை 23.4
நவம்பர் 17 காலை: உயர் வெப்பநிலை 29.4, இழிவு வெப்பநிலை 23.9, மழை இல்லை

அறிக்கைத் திகதியிலேயே அப்படியே எழுதினால் 118.6 மில்லிமீற்றர் 15ஆம் திகதிக்குப் போகும். ஆனால் வட்டைக்குள் தண்ணீர் ஏறியது 14ஆம் திகதி இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அட்டவணையைப் பார்க்கும் ஒரு காக்கா என்ன கேட்பார்? "சேர், பதினாலாந் திகதி ராவே தண்ணி வந்துட்டு. பெரிய மழை பதினஞ்சிலதானே பெஞ்சிருக்கு. அப்ப இது மழைத் தண்ணியில்ல, ஆரோ குளத்தத் திறந்திருக்காங்க" என்று கேட்பார். அவர் கேட்பதில் பிழையில்லை. தாளில் அப்படித்தான் இருக்கிறது. மழைக்கு முந்தியே வெள்ளம் வந்ததாக எமது தாள் சொல்கிறது. யாரோ ஒருவர் மீது பழி விழ அது போதும்.

அதே அறிக்கைகளை முறைப்படி எழுதினால் இப்படி வரும்:

| திகதி | உயர் வெப்பநிலை | இழிவு வெப்பநிலை | மழைவீழ்ச்சி |
|---|---|---|---|
| 11-12 | 30.2 | | 3.4 |
| 11-13 | 29.1 | 24.6 | 21.0 |
| 11-14 | 27.0 | 24.1 | 118.6 |
| 11-15 | 27.8 | 23.5 | |
| 11-16 | 29.4 | 23.4 | 0.0 |
| 11-17 | | 23.9 | |

இப்போது பெரிய மழை 14இல் நிற்கிறது, தண்ணீரும் 14 இரவு ஏறுகிறது. கதை பொருந்துகிறது. இதனால் குளம் திறக்கப்படவில்லை என்று நிரூபணமாகிவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. அதற்கு வான்கதவு திறந்த நேரப் பதிவைத்தான் பார்க்க வேண்டும். நாம் சொல்வது இவ்வளவுதான்: திகதிப் பிழையை ஆதாரமாக வைத்து ஒருவர் மீது குற்றம் சாட்டக் கூடாது.

அட்டவணையில் ஆங்காங்கே வெற்றுக் கட்டங்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் முழு எண்ணும் கிடைக்காது. 12ஆம் திகதி விடியற்காலையின் இழிவு வெப்பநிலை 12ஆம் திகதி அறிக்கையில் இருந்தது, அது எம்மிடம் இல்லை. 17இன் பகலும் மழையும் 18ஆம் திகதி அறிக்கையில்தான் வரும். அவற்றை வெறுமையாக விடுவதுதான் முறை.

ஆனால் 15ஆம் திகதியின் மழைக் கட்டம் வேறு கதை. 16 காலை அறிக்கையில் மழைக்கணக்கு கிடைக்கவில்லை. மழை பெய்யவில்லை என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த நாள் அறிக்கையிலோ "மழை இல்லை" என்று தெளிவாக இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே மாதிரி 0 என்று எழுதுவதுதான் நாம் கண்ட பிழைகளில் ஆகப் பெரியது. பெரிய மழைக்கு அடுத்த நாளே கணக்கு வராமல் போவதற்குக் காரணமும் இருக்கும். மின்சாரம் போயிருக்கும், தொடர்பு அறுந்திருக்கும், அறிக்கை அனுப்புபவரே வெள்ளத்தில் நிற்பார். அதாவது கணக்கு காணாமல் போகும் நாட்கள் பெரும்பாலும் கடும் மழை நாட்களாகவே இருக்கக்கூடும். அந்த இடத்தில் 0 போட்டால் மிக மோசமான நாளை மிக நல்ல நாளாக மாற்றிவிடுகிறோம்.

எமது உதாரணத்தில் 12 முதல் 16 வரை கூட்டினால் 143.0 வருகிறது. இதை "ஐந்து நாளில் 143 மில்லிமீற்றர்" என்று சொல்லக் கூடாது. "ஐந்து நாளில் நாலு நாள் கணக்குத்தான் உண்டு, அந்த நாலில் 143" என்றுதான் சொல்ல வேண்டும். உண்மைக் கூட்டுத்தொகை அதைவிடக் கூடவாக இருக்கலாம், குறைவாக இருக்க முடியாது. மாதக் கூட்டுத்தொகை எழுதும்போதெல்லாம் பக்கத்தில் எத்தனை நாள் பதிவு உண்டு என்று எழுதினால் இந்தச் சிக்கல் தீரும்.

ஒரு நாளில் நிலம் நனையும் அளவுக்கு மட்டும் தூறி, மானியில் அளக்க முடியாமல் போனால் சில அறிக்கைகளில் எண்ணுக்குப் பதிலாக அதற்கென ஒரு குறியீடு இருக்கும். அப்போது கட்டத்தில் 0.0 எழுதிவிட்டு, ஓரத்தில் "தூறல்" என்று குறித்துவைத்தால் போதும்.

இனி இதை ஒவ்வொரு நாளும் கையால் எழுதாமல் கூகுள் ஷீட்டில் எப்படிச் செய்வது என்று சொல்கிறோம். கைத்தொலைபேசியிலும் செய்யலாம். ஒரே கோப்பில் இரண்டு தாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தாளுக்கு "மூலம்" என்று பெயரிடுங்கள். அதில் முதல் நிரலில் அறிக்கையின் திகதி, இரண்டாம் நிரலில் மட்டக்களப்புக்குரிய வரியை ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே ஒட்ட வேண்டும். மூன்று, நாலு, ஐந்தாம் நிரல்களில் சூத்திரம் எண்ணைப் பிடித்துத் தரும். மழைவீழ்ச்சிக்கான சூத்திரம் இது:

```
=IFERROR(VALUE(REGEXEXTRACT(B2,"மழைவீழ்ச்சி ([0-9.]+)")),"")
```

"மழைவீழ்ச்சி" என்ற சொல்லும், ஒரு இடைவெளியும், உடனே ஒரு எண்ணும் இருந்தால் அந்த எண்ணை எடு, இல்லாவிட்டால் வெறுமையாக விடு என்பதே இதன் பொருள். வெப்பநிலைகளுக்கும் இதே சூத்திரம்தான், சொல்லை மட்டும் "உயர் வெப்பநிலை", "இழிவு வெப்பநிலை" என்று மாற்ற வேண்டும்.

இதில் இரண்டு இடத்தில் பிள்ளைகள் கை வைப்பார்கள். வெறுமையாகத் தெரிகிறதே என்று கடைசியில் உள்ள `""` ஐ எடுத்துவிட்டு `0` போடுவார்கள். போட்ட கையோடு, கிடைக்காத கணக்கு எல்லாம் மழையில்லாத நாளாகிவிடும். அடுத்தது, சொல்லுக்கும் எண்ணுக்கும் நடுவில் வேறு சொல் வந்தாலும் பிடிக்கட்டும் என்று சூத்திரத்தைத் தளர்த்துவார்கள். அப்போது 16ஆம் திகதி அறிக்கையில் என்ன நடக்கும்? "மழைவீழ்ச்சி கிடைக்கவில்லை" என்பதைத் தாண்டிப் போய், அடுத்து வரும் 27.8ஐ மழை என்று எடுத்துக்கொள்ளும். அது வெப்பநிலை. மழை நிரலில் 27.8 என்பது பார்க்க நல்ல எண்ணாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஒரே அறிக்கையில் மழையும் வெப்பநிலையும் ஒரே எண்ணாக இருந்தால் இந்தப் பிழை நடந்திருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். அதேபோல 8.30, 24 என்ற எண்கள் மழை நிரலில் அடிக்கடி வந்தால், அது "காலை 8.30 உடன் முடிவடைந்த 24 மணித்தியாலங்கள்" என்ற வாக்கியத்திலிருந்து வந்ததா என்று பாருங்கள்.

சூத்திரம் வெறுமையாக விட்ட இடத்தை ஒரு ஆள் கண்ணால் பார்க்க வேண்டும். "மழை இல்லை" என்று எழுதியிருந்தால் அந்தக் கட்டத்தில் கையால் 0 இடுங்கள். சொல் மாறி "ஆகக்கூடிய வெப்பநிலை" என்று வந்திருந்தால் எண்ணைக் கையால் இடுங்கள். ஒன்றும் சொல்லப்படாவிட்டால் வெறுமையாகவே இருக்கட்டும்.

இரண்டாவது தாள்தான் ஊருக்குக் காட்டும் அட்டவணை. அதன் முதல் நிரலில் நாட்களை ஒன்றும் விடாமல் எழுதுங்கள். அறிக்கை வராத நாளுக்கும் நிரை இருக்க வேண்டும். மழையை எடுக்கும் சூத்திரம்:

```
=IFERROR(VLOOKUP(A2+1,'மூலம்'!A:E,5,FALSE),"")
```

`A2+1` என்பதுதான் இங்கே உயிர். 14ஆம் திகதியின் மழையை 15ஆம் திகதி அறிக்கையில் தேடு என்கிறது. உயர் வெப்பநிலைக்கும் `A2+1` தான், 5க்குப் பதிலாக 3. இழிவு வெப்பநிலைக்கு வெறும் `A2`, எண் 4. மொத்தம் போட `SUM`, எத்தனை நாள் பதிவு என்று எண்ண `COUNT`. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வெற்றுக் கட்டங்களை இரண்டும் கணக்கெடுக்காது.

ஒரு எச்சரிக்கை. இது காலை 8.30 அறிக்கைக்கான முறை. மாலையில் வரும் சில செய்திகளில் அன்றைய பகலின் உயர் வெப்பநிலையே இருக்கும். அதற்கு ஒரு நாள் தள்ளினால் பிழையாகிவிடும். ஆகவே எந்த மணியுடன் முடிவடைந்த கணக்கு என்ற வரியைப் படிக்காமல் ஒட்ட வேண்டாம். நேரம் எழுதப்படாத முன்னனுப்பல்களை மூலத்தாளில் சேர்க்கவே வேண்டாம். கடும் மழை நாட்களில் விடியற்காலையைவிடப் பகல் மழை நேரம் குளிராக இருப்பதும் உண்டு. அந்த நாட்களில் இழிவு வெப்பநிலையின் திகதி ஒரு நாள் பிசகலாம். மாதக் கணக்கில் அது பெரிதாகத் தெரியாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு நிலையத்து மானியில் விழுந்த மழை எமது வட்டையில் விழுந்த மழை அல்ல. ஒரு கிராமத்தில் கொட்டும், அடுத்த கிராமத்தில் வெயில் எறிக்கும். நீடித்த அடைமழையில் வித்தியாசம் குறையலாம், இடிமழையில் மிகக் கூடும். ஆகவே அட்டவணையின் தலையில் நிலையத்தின் பெயரையும் எழுத வேண்டும். பாடசாலை வளவில் எளிய மழைமானி ஒன்றை வைத்து, திணைக்களம் வாசிக்கும் அதே காலை 8.30க்கு நாமும் வாசித்து ஐந்தாவது நிரலாகச் சேர்த்தால் வித்தியாசம் எவ்வளவு என்று எமக்கே தெரியும். வேறு நேரத்தில் வாசித்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது.

சிலர் கேட்கக்கூடும்: திணைக்களத்திடம் எல்லாத் தரவும் இருக்கும்தானே, நாம் ஏன் மினக்கெட வேண்டும் என்று. உண்மைதான், சீர்பார்த்த பதிவு அங்கேதான் இருக்கிறது. நட்டஈட்டுக்கோ வழக்குக்கோ ஆதாரம் வேண்டுமானால் அங்கிருந்து பெற்றதைத்தான் கொடுக்க வேண்டும், எமது தாளை அல்ல. எமது தாள் உதவுவது அதற்கு முந்திய இடத்தில். முகத்துவாரம் பற்றிய கூட்டத்தில் வட்டவிதானைமாரும் மீனவர்களும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போது, கடந்த மூன்று நாளில் எவ்வளவு பெய்தது, அதற்கு எத்தனை மணித்தியாலத்தில் தண்ணீர் ஏறியது என்று அந்த இடத்திலேயே பார்க்க ஒன்று வேண்டும். 1978 சூறாவளியையும் 2011 ஜனவரி வெள்ளத்தையும் 2024 நவம்பர் வெள்ளத்தையும் எமது மக்கள் ஞாபகத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஞாபகம் திகதியை ஒரு நாள் முன்னே பின்னே தள்ளிவிடும். கவனமில்லாமல் எழுதிய தாளும் அதையேதான் செய்யும்.

ஆகவே எமது வேண்டுகோள் இதுதான். இந்தப் பெரும்போகத்துக்கு ஊரில் இரண்டு பேர் இதைப் பொறுப்பெடுங்கள். ஒருவர் காலை அறிக்கையை ஒட்டட்டும், மற்றவர் வெற்றுக் கட்டங்களைப் பார்த்துச் சரிசெய்யட்டும். மூல எழுத்தை ஒருபோதும் அழிக்க வேண்டாம். நாளை யாராவது ஒரு எண்ணைச் சந்தேகித்தால் திரும்பிப் போய்ப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும். பொறுப்பெடுக்க விருப்பமுள்ளவர்கள் கீழே பெயரை எழுதுங்கள். தாளை அமைத்துத் தருவது எமது வேலை.